ஏஜெண்ட் முதல் வைஸ் பிரசிடெண்ட் வரை: பதவிப் பெயர் கடல் தாண்டும்போது

நம்ம வீடுகளில் இப்போது வாரத்துக்கு ஒரு போனாவது இப்படி வருகிறது. "அண்ணா, நீங்க பேங்க்ல இருக்கீங்களே, இந்த ரெஸ்யூமைக் கொஞ்சம் பாருங்களேன்." தம்பி பையன், மச்சினி, மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா மகள் என்று ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. இருபது வருஷத்துக்கு மேலாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் வங்கிக்காரர்களின் ரெஸ்யூம் எல்லாம் என்னிடம் வந்து சேர்கிறது. அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு விஷயம் புரிந்தது. பதவிப் பெயர் என்பது மொழிபெயர்க்கிற சொல் இல்லை, அது ஒரு சரித்திரம். அந்தச் சரித்திரம் தெரியாமல் பெயரை மட்டும் கப்பலேற்றினால், அக்கரையில் இறங்கும்போது அது வேறு ஆளாகி இறங்குகிறது.

முதலில் பழைய கதை. இன்றைக்கு எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "பேங்க் ஏஜெண்ட்" என்ற பெயரை ஞாபகம் வைத்திருப்பார்கள். கிளையின் தலைவருக்கு அன்று மேனேஜர் என்று பெயர் கிடையாது, ஏஜெண்ட்தான். கல்கத்தா, பம்பாய், மதராஸ் என்று மூன்று மாகாண வங்கிகள் இருந்தன. 1921 ஜனவரியில் அவற்றை இணைத்து இம்பீரியல் பேங்க் உருவானது, 1955 ஜூலை 1 அன்று அது ஸ்டேட் பேங்க் ஆனது. இவ்வளவு மாறியும் ஏஜெண்ட் மாறவில்லை. பெயருக்குக் காரணம் எளிது. தலைமை அலுவலகம் எங்கோ இருக்கும், கிளையில் இருப்பவர் அதன் சார்பில் கையெழுத்துப் போடுவார். சட்டப்படி அவர் வங்கியின் முகவர். அவருக்கு மேலே, வட்டாரத் தலைமையில் இருந்தவருக்கு "செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர்" என்று பெயர். இன்றைக்கு அந்தப் பெயரை யாராவது ரெஸ்யூமில் எழுதினால், குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு பொறுப்பு வகித்தவர் என்றுதான் நினைப்பார்கள் :-)

அந்தக் காலத்தில் வங்கிக்கு வங்கி பதவிப் பெயரும் சம்பளமும் வேறு வேறு. 1969 ஜூலையில் பதினான்கு வங்கிகள் அரசுடைமையான பிறகு, எல்லாமே ஒரே முதலாளியின் கீழ் வந்துவிட்டன. ஒரு வங்கியின் அதிகாரி இன்னொரு வங்கியின் எந்த அதிகாரிக்குச் சமம் என்ற கேள்வி எழுந்தது. அதற்காக அமைக்கப்பட்டதுதான் பிள்ளை கமிட்டி. 1974-ல் அறிக்கை கொடுத்தார்கள். 1979 ஜூலை 1 முதல் அதிகாரிகளுக்கு ஏழு ஸ்கேல் வந்தது. முதல் ஸ்கேல் இளநிலை, இரண்டும் மூன்றும் நடுநிலை, நான்கும் ஐந்தும் மேல்நிலை, ஆறும் ஏழும் உச்சநிலை.

ஸ்கேல் ஒன்றானதே தவிர, பெயர் ஒன்றாகவில்லை. பெரும்பாலான அரசு வங்கிகளில் இரண்டாம் ஸ்கேலில் இருப்பவர் மேனேஜர், மூன்றாம் ஸ்கேலில் இருப்பவர் சீனியர் மேனேஜர். ஸ்டேட் பேங்கில் இரண்டாம் ஸ்கேல் டெபுடி மேனேஜர், மூன்றாம் ஸ்கேல்தான் மேனேஜர். ஆக, ஒரே ஊரில், எதிரெதிர்க் கட்டடத்தில் இருக்கும் இரண்டு மேனேஜர்களே சமம் இல்லை. நமக்கு இது பழகிவிட்டது. "எந்த பேங்க், எந்த ஸ்கேல்" என்று ஒரு கேள்வி கேட்டு ஆளை எடைபோட்டு விடுகிறோம். டொரண்டோவில் உட்கார்ந்து ரெஸ்யூம் படிக்கிறவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே தெரியாது.

அந்தப் பக்கத்துக் கதையும் கொஞ்சம் பார்ப்போம். கேஷியர் என்றால் நமக்குக் கவுண்டரில் பணம் எண்ணுகிறவர். அமெரிக்க வங்கிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேஷியர் என்பவர் வங்கியின் அன்றாட நிர்வாகத்தையே நடத்திய பெரிய அதிகாரி. அங்கே தனியார் வங்கிகள் நோட்டு அச்சடித்த காலத்தில், பிரசிடெண்ட் கையெழுத்தும் கேஷியர் கையெழுத்தும்தான் நோட்டில் இருக்கும். இங்கிலாந்து வங்கியின் நோட்டில் இன்றும் இருப்பது சீஃப் கேஷியரின் கையெழுத்து. பணம் எண்ணிக் கொடுக்கிறவர் அவர்களுக்கு டெல்லர். அதனால் நம்மூர் ஹெட் கேஷியர் அங்கே போய் அப்படியே எழுதினால், வங்கியைப் பொறுத்து ஒன்று ரொம்ப உயரத்தில் வைப்பார்கள், இல்லையென்றால் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் வைப்பார்கள். ஹெட் டெல்லர் என்றால்தான் சரியான இடம்.

வைஸ் பிரசிடெண்ட் சமாச்சாரம் இதற்கு நேர் எதிர். அமெரிக்க வங்கிகளில் தடுக்கி விழுந்தால் ஒரு வைஸ் பிரசிடெண்ட் மேல்தான் விழவேண்டும். பெரிய முதலீட்டு வங்கிகளில் அனலிஸ்ட், அசோசியேட் என்ற இரண்டு படிகளுக்கு அடுத்த மூன்றாவது படியே வைஸ் பிரசிடெண்ட்தான். அவருக்கு மேலே டைரக்டர், மேனேஜிங் டைரக்டர் என்று இன்னும் ஏணி போகிறது. வங்கியின் உள்ளிருப்பவர்களுக்குக் கடன் கொடுப்பதைக் கட்டுப்படுத்த அமெரிக்க மத்திய வங்கி போட்ட "ரெகுலேஷன் ஓ" என்ற விதியிலேயே இந்தக் கூத்து பதிவாகியிருக்கிறது. வைஸ் பிரசிடெண்ட் எல்லோரும் நிர்வாக அதிகாரிகளாகவே கருதப்படுவார்கள், ஆனால் கொள்கை முடிவுகளில் இவர்களுக்குப் பங்கில்லை என்று இயக்குநர் குழு தீர்மானம் போட்டு விலக்கி வைத்துக்கொள்ளலாம் என்கிறது அந்த விதி. பெயர் பெரிது, அதிகாரம் அவ்வளவு இல்லை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது.

இப்போது நடைமுறைக்கு வருவோம். என் சித்தி மகள் ஒருத்தி, அரசு வங்கி ஒன்றில் 2011-ல் ப்ரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்தவள். 2016-ல் இரண்டாம் ஸ்கேல், அதாவது மேனேஜர். கொங்குப் பக்கத்துக் கிளை ஒன்றில் சிறுதொழில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 2022 கடைசியில் கணவரோடு டொரண்டோ போனாள். எட்டு மாதம் விண்ணப்பம் போட்டும் ஒரு நேர்காணல்கூட இல்லை. "அண்ணா, பேசாம டெல்லர் வேலைக்கே போயிடட்டுமா? பதினோரு வருஷத்தை யாருகிட்ட சொல்லி அழறது?" என்றாள். டெல்லர் வேலை கேவலம் இல்லை. ஆனால் பதினோரு வருஷம் பாலன்ஸ் ஷீட் படித்த அனுபவம் ஒரு பெயரில் மாட்டிக்கொண்டு வீணாகிறதே என்றுதான் எனக்குப் பட்டது.

அவளுடைய ரெஸ்யூமில் முதல் வரி மேனேஜர். அதைப் பார்க்கிறவர் கிளை மேலாளர் என்று எடுத்துக்கொள்வார். உடனே எத்தனை ஊழியர்கள், எவ்வளவு விற்பனை இலக்கு என்று தேடுவார். அது ரெஸ்யூமில் இருக்காது. கடைசி வரி ப்ரொபேஷனரி ஆபீசர். இதுதான் பெரிய வில்லன். கனடா, அமெரிக்கா, இங்கிலாந்து மூன்றிலும் ப்ரொபேஷன் ஆபீசர் என்றால், தண்டனை பெற்று நன்னடத்தையின் பேரில் வெளியே இருக்கும் குற்றவாளிகளைக் கண்காணிக்கிற அதிகாரி. வங்கி ரெஸ்யூமில் அதைப் பார்க்கிறவர், இவர் ஏன் சிறைத்துறையிலிருந்து வங்கிக்கு வந்தார் என்று யோசித்துவிட்டு அடுத்த ரெஸ்யூமுக்குப் போய்விடுவார்.

நான் அவளிடம் பெயரை மறந்துவிட்டு நான்கு கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னேன். நீ யாரிடம் ரிப்போர்ட் செய்தாய்? உன்னிடம் எத்தனை பேர்? உன் கையெழுத்தில் மட்டும் எவ்வளவு தொகை வரை கடன் கொடுக்கலாம்? அதற்கு மேல் போனால் நீ என்ன செய்வாய்? அவள் எழுதியது இதுதான். கிளையின் சீஃப் மேனேஜரிடம் ரிப்போர்ட். கீழே ஒரு இளநிலை அதிகாரியும் ஒரு கிளார்க்கும். தன் அதிகாரத்தில் இருபது லட்சம் வரை. அதற்கு மேல் கடன் மனுவை ஆய்வு செய்து, குறிப்பு எழுதி, மண்டல அலுவலகத்துக்குப் பரிந்துரை. மொத்தம் எண்பத்தைந்து கணக்கு, பன்னிரண்டு கோடி ரூபாய் நிலுவை.

இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு கனடா வங்கிகளின் வேலை விளம்பரங்களைப் படிக்கவேண்டும். பெயரை விட்டுவிட்டு, கீழே வேலை விவரம் இருக்குமே, அதை. அங்கே வங்கி வேலையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளரோடு உறவு வைத்து வியாபாரம் கொண்டு வருகிறவர் அக்கவுண்ட் மேனேஜர் அல்லது ரிலேஷன்ஷிப் மேனேஜர். கடனை ஆராய்ந்து கொடுக்கலாமா என்று சொல்கிறவர் கிரெடிட் அனலிஸ்ட், முடிவெடுக்கிறவர் அட்ஜுடிகேட்டர். நம்மூர் இரண்டாம் ஸ்கேல் கடன் அதிகாரி இந்த மூன்று வேலையையும் ஒருவராகச் செய்கிறார். அதனால் ஒரே சமமான பெயரைத் தேடினால் கிடைக்காது. எந்த விளம்பரத்துக்குப் போடுகிறோமோ அந்தப் பக்கத்து வேலையை முன்னால் வைக்கவேண்டும். அவளுக்கு வலு ஆராய்ச்சிப் பக்கம்தான். ஆகவே சிறுதொழில் கடன், கிரெடிட் அனலிஸ்ட் என்று முடிவு செய்தோம்.

இங்கே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது, தாண்டவே கூடாது. வங்கி கொடுத்த பெயரை அழித்துவிட்டு நாமாக வேறு பெயர் போடக்கூடாது. வேலை கிடைத்தபின் பழைய வங்கிக்குச் சரிபார்க்க எழுதுவார்கள். அங்கிருந்து மேனேஜர் என்று பதில் வரும், ரெஸ்யூமில் கிரெடிட் அனலிஸ்ட் என்று இருக்கும், வந்த வேலை போய்விடும். அதனால் அசல் பெயர் முதலில், அதன் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வேலையின் தன்மை. "மேனேஜர் – சிறுதொழில் கடன் ஆய்வும் ஒப்புதலும்" என்று. ப்ரொபேஷனரி ஆபீசர் என்பதற்கும் அதே வைத்தியம். "ப்ரொபேஷனரி ஆபீசர் – இரண்டாண்டு நிர்வாகப் பயிற்சித் திட்டம்" என்று எழுதினால் சிறைக்கதவு மூடிவிடும். ஸ்கேல் இரண்டு என்பதை ரெஸ்யூமில் எழுதவே வேண்டாம், அங்கே யாருக்கும் அதில் அர்த்தம் இல்லை.

குடியுரிமைத் துறைக்குக் கொடுக்கும் தாள்களில் இன்னும் கவனம் வேண்டும். கனடாவில் தொழில்களுக்கு ஒரு எண் பட்டியல் உண்டு, அதன் 2021 பதிப்பு 2022 நவம்பரிலிருந்து குடியேற்றத்துக்கு நடைமுறைக்கு வந்தது. அதில் வங்கி மேலாளர், கடன் மேலாளர் எல்லாம் 10021. லோன் ஆபீசர் 63102-ல் வருகிறார். கையில் மேனேஜர் என்று ஒரு கடிதம் இருப்பதாலேயே நம்மவர்கள் முதல் எண்ணுக்குத் தாவுகிறார்கள். அங்கே அவர்கள் பெயரைப் பார்ப்பதில்லை. பழைய வங்கியின் கடிதத்தில் உள்ள வேலை விவரம் அந்த எண்ணின் விவரத்தோடு பொருந்துகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். உண்மைக்கு மாறாகச் சொன்னால் ஐந்து வருஷம் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாதபடி தடை வரலாம். கடிதம் வாங்கும்போதே வேலை விவரம், வார மணி நேரம், சம்பளம் எல்லாம் எழுதி வாங்கிவிடுவது நல்லது. ஊரை விட்டுப் போனபின் எச்.ஆர். பிரிவைத் துரத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பெயருக்கு அடுத்தது, கீழே வரும் வரிகள். அவள் எழுதியிருந்த ஒரு வரி, எண்பத்தைந்து நிறுவனங்களை "சாங்ஷன்" செய்தேன் என்று. நமக்கு அது கடன் ஒப்புதல். அங்கே அந்தச் சொல்லை வினையாகப் போட்டால், பெரும்பாலும் தண்டனை, பொருளாதாரத் தடை என்றுதான் படிப்பார்கள். எண்பத்தைந்து கம்பெனிகளுக்குத் தடை விதித்த வீராங்கனை! அதை "அப்ரூவ்" ஆக்கினோம். அட்வான்சஸ் என்பது லோன்ஸ் ஆனது. கேஷ் கிரெடிட் என்பது ஆபரேட்டிங் லைன் ஆப் கிரெடிட் ஆனது. கேஷ் கிரெடிட் என்ற பெயரே 1728-ல் ஸ்காட்லாந்தில் ஒரு வங்கி ஒரு வியாபாரிக்குக் கொடுத்த வசதியிலிருந்து வந்தது. பெயர் பிறந்த ஊர்ப் பக்கமே அதை மறந்துவிட்டார்கள், நாம் மட்டும் இன்னும் வைத்துக் காப்பாற்றுகிறோம்.

லட்சமும் கோடியும் அங்கே செல்லாது. பன்னிரண்டு கோடி என்பது 120 மில்லியன் ரூபாய். கணக்குக்காக ஒரு கனடா டாலருக்கு அறுபது ரூபாய் என்று வைத்தால் இரண்டு மில்லியன் டாலர். அதை அப்படியே எழுதலாம், அவர்கள் கண்ணுக்குச் சின்னத் தொகைதான், ஆனால் பொய்யில்லை. இருபது லட்சம் என்ற சொந்த அதிகாரத்தை டாலராக்கினால் முப்பத்து மூவாயிரம்தான் வரும். கார் கடன் அளவுக்குத் தெரியும். அதனால் அந்த இடத்தில் தொகையை விட எண்ணிக்கை நன்றாகப் பேசும். எண்பத்தைந்து நிறுவனங்களின் வருடாந்திரக் கணக்குகளைப் படித்து கடன் ஆய்வுக் குறிப்பு எழுதினேன் என்றால் எந்த ஊர் வங்கிக்காரருக்கும் புரியும்.

கடைசியாக கவர் லெட்டர். நம்முடைய கடிதத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. கம்பெனி ஆட்சிக் காலத்தில் துரைக்கு மனுப் போட்ட பாணி இன்னும் நம் விரலில் இருக்கிறது. மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான பார்வைக்கு இத்துடன் இணைத்துள்ளேன், ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவள் கடிதத்திலும் இது எல்லாம் இருந்தது. கூடவே பிறந்த தேதி, தகப்பனார் பெயர், மதம், திருமண நிலை, ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இதெல்லாம் கல்யாண ஜாதகத்துக்குத் தேவை. அமெரிக்காவில் 1964-ல் இனம், மதம், பால் பார்த்து வேலை மறுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. 1967-ல் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வயது காரணமாகப் பாரபட்சம் கூடாது என்று இன்னொன்று. கனடாவில் 1977-ல் மனித உரிமைச் சட்டம் வந்தது, வங்கிகள் மத்திய அரசின் கட்டுப்பாட்டில் இருப்பதால் அது வங்கிகளுக்கு நேராகப் பொருந்தும். அதனால் இந்த விவரங்களை நாமே கொடுத்தால் அங்கே சங்கடப்படுகிறார்கள். இவை மொத்தத்தையும் எடுத்துவிட்டோம்.

மிச்சமிருந்த கடிதத்தை நான்கு பத்திக்குள் அடக்கினோம். முதல் பத்தியில் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறாள், அந்த வேலையில் எத்தனை வருஷ அனுபவம். இரண்டாவதில் ஒரே ஒரு கடன் கதை. ஒரு நூற்பாலைக்காரர், விற்பனை ஏறியும் கையில் பணமில்லாமல் தவித்தவர். வாடிக்கையாளர்களிடம் பணம் வர நாள் கூடிக்கொண்டே போனதை அவள் கணக்கில் கண்டுபிடித்து, கேட்ட தொகையைக் குறைத்து, மாதாமாதம் வசூல் பட்டியல் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தாள். கணக்கு வாராக்கடன் ஆகவில்லை. வாடிக்கையாளர் பெயரோ ஊரோ சொல்லவில்லை, சொல்லவும் கூடாது, வங்கி ரகசியம். மூன்றாவது பத்தியில் பதவிப் பெயரின் முடிச்சை அவிழ்க்கும் ஒரே வாக்கியம். "இந்திய அரசு வங்கிகளில் மேனேஜர் என்பது ஏழு அதிகாரி நிலைகளில் இரண்டாவது, என் வேலை பெரும்பாலும் உங்கள் கிரெடிட் அனலிஸ்ட் செய்வது." நான்காவதில் அந்த நாட்டில் வேலை செய்ய உரிமை இருக்கிறது என்ற ஒரு வரி, கையெழுத்து. வேண்டுகிறேன் என்ற சொல் எங்கேயும் இல்லை.

அந்த மூன்றாவது பத்திதான் அவளுக்குக் கசந்தது. "நானே என்னைக் கீழ எறக்கிக் காட்டணுமா அண்ணா?" என்று கேட்டாள். கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை, இருக்கிற இடத்தில் நிற்கிறாய் என்றேன். மேனேஜர் என்ற பெயரோடு போனால் கிளை மேலாளர்களோடு போட்டி போடவேண்டும், அங்கே நம்மிடம் காட்ட ஒன்றும் இல்லை. அனலிஸ்ட் வரிசையில் நின்றால் பதினோரு வருஷமும் பேசும்.

இப்படித் திருத்தி அனுப்பிய பதினான்கு விண்ணப்பங்களில் மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள். இரண்டில் கனடா அனுபவம் இல்லை என்று கழித்தார்கள். எத்தனை திருத்தினாலும் இந்தச் சுவரை ரெஸ்யூம் மட்டும் உடைக்காது. மூன்றாவது இடத்தில், வங்கி இல்லை, இயந்திரங்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனம், ஜூனியர் கிரெடிட் அனலிஸ்டாக எடுத்தார்கள். நேர்காணலில் அவர்கள் அதிகம் கேட்டது அந்த நூற்பாலைக் கதையைத்தானாம்.

இப்போது அவளுடைய பெயர்ப்பலகையில் ஜூனியர் என்று இருக்கிறது. ஊரில் அத்தைமார்கள் "மேனேஜரா இருந்தவ, ஜூனியர் ஆயிட்டாளே" என்கிறார்கள். அவர்களுக்கு நான் ஏஜெண்ட் கதையைச் சொல்வதுண்டு. அன்றைக்கு ஜில்லாவே வணங்கிய பெயர் ஏஜெண்ட், இன்றைக்கு இன்சூரன்ஸ் பிடிக்கிறவருக்கும் அதே பெயர். நாற்காலியில் உட்கார்ந்தவர் செய்த வேலை என்ன என்று கேளுங்கள், மற்றதை விடுங்கள்.